பிரிண்டரில் போட்டோ எல்லாம் ரோஸ் கலரில் வருதா? குறை மெஜந்தாவில் இல்லாமலும் இருக்கலாம்!

மதுரையில் ஒரு வீட்டு மாடி அறை. வியாழக்கிழமை இரவு 10 மணி. பகலில் ஐடி வேலை, வார இறுதியில் விசேஷ வீடுகளுக்கு போட்டோ கார்டு அடித்துக் கொடுக்கும் சைடு பிசினஸ் என்று இரண்டையும் ஓட்டிக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர், தன் இங்க் டேங்க் பிரிண்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். காதணி விழாவுக்கு 120 கார்டுகள், சனிக்கிழமை மதியம் டெலிவரி. முதல் கார்டு வெளியே வருகிறது. குழந்தையின் நீலப் பட்டுப்பாவாடை ராணி கலரில் இருக்கிறது. பின்னால் இருக்கும் கோயில் தூண் ரோஸ். தாத்தாவின் வெள்ளை வேட்டி மடிப்புகளிலும் லேசாக ரோஸ்.

இந்த இடத்தில் பெரும்பாலானோருக்குத் தோன்றுவது ஒன்றுதான்: 'மெஜந்தா இங்க் அதிகமா ஊத்துது'. உடனே டிரைவருக்குள் போய் மெஜந்தா அளவைக் குறைப்பார்கள். அப்படிச் செய்தால் படம் இன்னும் மோசமாகும். ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

எது அதிகம்? எது குறைவு?

வீட்டு பிரிண்டர்களில் பெரும்பாலும் நான்கு இங்க்: சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. சியான் என்பது நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் நிற்கும் நிறம். மெஜந்தாவை ஜவுளிக்கடையில் ராணி கலர் என்பார்கள். பேப்பரில் நாம் பார்க்கும் மற்ற நிறங்கள் எல்லாம் இவற்றின் கலவை. சியானும் மெஜந்தாவும் சேர்ந்தால் நீலம். மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால் சிவப்பு. சியானும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. மூன்றும் சரியான அளவில் சேர்ந்தால் சாம்பல் நிறம்.

மெஜந்தாவின் கூட்டாளிகளில் ஒருவர் வேலைக்கு வரவில்லை என்றால், மெஜந்தா தனியாக நிற்கும். அளவு அதேதான், ஆனால் கண்ணுக்கு அது மட்டும் தூக்கலாகத் தெரியும். சாம்பாரில் புளி குறைந்தால் காரம் தூக்கலாகத் தெரிவது போல.

இதை வைத்தே, எந்த மென்பொருளையும் திறக்காமல், கையில் இருக்கும் கெட்டுப்போன பிரிண்டைப் பார்த்து ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். நீலமாக இருக்க வேண்டிய பொருள் ராணி கலராக வந்திருக்கிறதா? அப்படியென்றால் சியான் வரவில்லை. பச்சை இலைகளும் மஞ்சளடித்துப் போயிருந்தால் அது உறுதி. சிவப்பாக இருக்க வேண்டிய குங்குமமும் ரோஜாவும் ராணி கலராக வந்து, இலைகள் நீலம் பாய்ந்திருக்கின்றனவா? அப்படியானால் மஞ்சள் வரவில்லை. நீலம் நீலமாகவும் சிவப்பு சிவப்பாகவும் இருக்கின்றன, ஆனால் சாம்பல், வெள்ளை, தோல் நிறம் மட்டும் ரோஸ் பூசிய மாதிரி இருக்கிறதா? அப்போது இங்க் எல்லாம் வந்துகொண்டுதான் இருக்கிறது. சந்தேகப்பட வேண்டியது செட்டிங்கை.

மதுரைக்காரரின் கார்டில் பாவாடை ராணி கலர். ஆக, சியான். ஆனால் அவர் வழக்கில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருந்தது. அது பிறகு.

முதலில் நாஸில் செக்

பிரிண்ட் ஹெட்டின் அடியில், வரிசை வரிசையாக, தலைமுடியை விடச் சிறிய ஓட்டைகள் இருக்கும். அவைதான் நாஸில்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி வரிசை. இதில் சில ஓட்டைகள் காய்ந்து அடைத்தால் அந்த நிறம் குறையும், மொத்த வரிசையும் அடைத்தால் நிறமே காணாமல் போகும்.

சோதிக்க ஒரு சாதா A4 தாள் போதும். விண்டோஸில் பிரிண்டரின் Printing preferences-ஐத் திறந்தால் Maintenance என்ற பகுதியில் Nozzle Check இருக்கும். பல பிரிண்டர்களில் கம்பெனியின் மொபைல் ஆப்பிலோ, பிரிண்டரின் சின்னத் திரையிலோ இதே வசதி உண்டு. நான்கு நிறங்களிலும் படிக்கட்டு போன்ற கோடுகளோ கட்டங்களோ அச்சாகும். எல்லாக் கோடுகளும் முழுசாக இருந்தால் ஹெட் சரி. நடுவில் விட்டுவிட்டு வந்தால் அடைப்பு.

மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தாளில் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. 'மஞ்சள் ஓகே' என்று பலர் ஏமாறுவது இங்கேதான். மொபைலில் முழு நீல நிறப் படம் ஒன்றை வைத்து, பிரைட்னஸை ஏற்றி, அறை விளக்கை அணைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் தாளைப் பாருங்கள். மஞ்சள் கோடுகள் கறுப்பாகத் தெரியும். இடைவெளி இருந்தால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

இதே தாளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோடுகள் முழுசாக இருந்தும் நிறமே தவறாக இருக்கிறதா? மஞ்சள் வரிசை ஆரஞ்சாகவோ, சியான் வரிசை ஊதா கலந்த மாதிரியோ வந்தால் அந்த இங்க்கில் மெஜந்தா கலந்திருக்கிறது என்று அர்த்தம். கிளீனிங் முடிந்த கையோடு இப்படி வந்தால் பயப்பட வேண்டாம். ஹெட்டை மூடும் ரப்பர் மூடியில் தேங்கிய கலவை இங்க் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். நாலைந்து கலர் பக்கங்கள் அடித்தால் தெளிந்துவிடும். பல பக்கங்கள் அடித்தும் மாறவில்லை என்றால், யாரோ பாட்டிலை மாற்றி ஊற்றியிருக்கிறார்கள். அதற்கு டேங்க், டியூப் எல்லாவற்றையும் காலி செய்து கழுவ வேண்டும். அது சர்வீஸ் சென்டர் வேலை.

மதுரை இளைஞரின் தாளில் மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மூன்றும் முழுசு. சியானில் பாதிக்கு மேல் கோடுகளே இல்லை.

கிளீனிங் எத்தனை முறை?

ஹெட் கிளீனிங் என்று நாம் சொல்வது உண்மையில் ஓட்டைகளைத் துடைக்கும் வேலை மட்டும் இல்லை. பிரிண்டருக்குள் ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. ரப்பர் மூடியை ஹெட்டோடு ஒட்டவைத்து, அந்த பம்ப் இங்க்கை உறிஞ்சி இழுக்கும். காய்ந்த துகளும் அதோடு வெளியே வர வேண்டும் என்பதுதான் கணக்கு. இழுத்த இங்க் எல்லாம் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் போன்ற பேடில் போய்ச் சேரும். பேட் நிறைந்தால் பிரிண்டர் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். அதனால் கிளீனிங் என்பது இலவச வேலை இல்லை. பாட்டிலில் இருந்து இங்க்கும் போகும், பேடின் ஆயுளும் குறையும்.

ஒரு கிளீனிங், உடனே ஒரு நாஸில் செக். இதுதான் ஒரு சுற்று. செக் பண்ணாமல் தொடர்ந்து நாலு முறை கிளீனிங் பட்டனை அழுத்துவதில் பயன் இல்லை. மூன்று சுற்று முடிந்தும் இடைவெளி இருந்தால் நிறுத்திவிட்டு, பிரிண்டரை ஆஃப் செய்து, குறைந்தது 12 மணி நேரம் சும்மா விடச் சொல்கின்றன பல இங்க் டேங்க் பிரிண்டர்களின் கையேடுகள். அவசரத்தில் இருப்பவருக்கு இது கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் இருக்கிறது.

ஒவ்வொரு சுற்றின் தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அந்தக் காரணம் தெரியும். இடைவெளி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருந்தால் அது காய்ந்த அடைப்பு. நிற்கும் நேரத்தில் ஈரமான இங்க் அதை ஊறவைத்துக் கரைக்கும். இடைவெளி ஒவ்வொரு முறையும் இடம் மாறினால், சில சமயம் கிளீனிங்குக்குப் பிறகு அதிகமானால், அது அடைப்பு இல்லை. உள்ளே காற்றுக் குமிழ் போயிருக்கிறது. டேங்க்கில் இங்க் கீழ்க்கோட்டுக்குக் கீழே போனபோதும் அடித்துக்கொண்டே இருந்தால் இப்படி ஆகும். இங்க் நிரப்பிவிட்டு, குமிழ்கள் அடங்கும்வரை பிரிண்டரை அசையாமல் விடுவதுதான் நல்லது. மேலும் மேலும் பம்ப் அடித்தால் நிலைமை மோசமாகலாம்.

அப்படியும் சரியாகாவிட்டால் Power Cleaning என்ற பெயரில் கடைசி ஆயுதம் ஒன்று சில மாடல்களில் உண்டு. அது டியூபில் இருக்கும் இங்க்கையே மாற்றும் அளவுக்கு உறிஞ்சும். எல்லா டேங்க்கிலும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இங்க் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தொட வேண்டும். இங்க் குறைவாக இருக்கும்போது ஓட்டினால் காற்றை இழுத்து ஹெட்டையே கெடுத்துவிடும்.

யூடியூபில் சிரிஞ்ச் வைத்துச் சுடுதண்ணீரோ நெயில் பாலிஷ் ரிமூவரோ அடிக்கும் வீடியோக்கள் நிறைய. ரிமூவர் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கையும் பசையையும் தின்றுவிடலாம். கை அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் ஹெட்டின் உள் அறை கிழியும். கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பல மலிவு மாடல்களில் நாஸில்கள் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும். அடியில் செம்பு நிறத் தகடு தெரிந்தால் அந்த வகைதான். புது கார்ட்ரிட்ஜ் போட்டாலே புது ஹெட் கிடைத்துவிடும்.

மதுரை பிரிண்டரில் முதல் கிளீனிங்குக்குப் பிறகு சியான் பாதி வந்தது. இரண்டாவதுக்குப் பிறகு எல்லாக் கோடுகளும் முழுசு. இரவு 11 மணிக்குப் பிரச்சினை முடிந்தது என்றுதான் அவரும் நினைத்தார்.

சியான் ஏன் அடைத்தது?

பிரிண்டர் இரண்டு மாதமாகச் சும்மா இருந்தது ஒரு காரணம். இன்னொன்று, வீட்டில் எல்லோரும் செய்யும் காரியம். ராத்திரி சுவிட்ச் போர்டிலேயே பிரிண்டரை அணைத்துவிடுவார் அம்மா. கரண்ட் மிச்சம்தானே! ஆனால் பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தும்போதுதான், அது ஹெட்டை ஓரத்துக்குக் கொண்டுபோய் ரப்பர் மூடியால் மூடிவிட்டு அணையும். அடிக்கும் நடுவில் சுவிட்ச் போர்டில் நேரடியாக ஆஃப் பண்ணினால் ஹெட் திறந்தபடியே நின்றுவிடும். பேனா மூடியைப் போடாமல் வைத்த மாதிரி. முதலில் பட்டன், விளக்கு அணைந்த பிறகு சுவிட்ச். இந்த வரிசை மாறாமல் இருந்தாலே பாதி அடைப்புகள் வராது. வாரம் ஒருமுறை நான்கு நிறமும் இருக்கும் ஒரு பக்கம் அடித்துவிட்டால் இன்னும் நல்லது.

கோடு எல்லாம் முழுசு, ஆனாலும் ரோஸ்!

இரண்டாவது கார்டு வந்தது. பாவாடை நீலமாகிவிட்டது. ஆனால் தூணும் வேட்டியும் இன்னும் ரோஸ். முகங்களும் வெயிலில் சிவந்த மாதிரி. 'இன்னும் முழுசா கிளீன் ஆகல போல' என்று அவர் மேலும் ஆறு முறை கிளீனிங் ஓட்டினார். டேங்க்கில் இங்க் கண்ணெதிரே இறங்கியது. ரோஸ் மட்டும் இறங்கவில்லை.

இங்கேதான் பலரும் பணத்தைத் தொலைக்கிறார்கள். நாஸில் செக் தாள் முழுசாக வந்துவிட்டால், ஹெட் தன் வேலையை முடித்துவிட்டது. அதற்கு மேல் கிளீனிங்கால் நிறம் மாறாது.

இந்தக் கட்டத்தில் கம்ப்யூட்டர் தப்பா, பிரிண்டர் தப்பா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி: அதே போட்டோவை மொபைலில் இருந்து நேரடியாக, அதே பேப்பரில், சரியான பேப்பர் வகையைத் தேர்ந்தெடுத்து அடிக்க வேண்டும். மொபைலில் சரியாக வந்து கம்ப்யூட்டரில் ரோஸாக வந்தால் சிக்கல் கம்ப்யூட்டர் செட்டிங்கில் இருக்கிறது. இரண்டிலும் ரோஸ் என்றால் இங்க் அல்லது பேப்பர்.

வெள்ளிக்கிழமை காலை அவர் அதைத்தான் செய்து பார்த்தார். மொபைலில் இருந்து அடித்த கார்டில் தூண் சாம்பலாகவே வந்தது.

காரணம், அவர் நல்லது என்று நினைத்துச் செய்த ஒரு வேலை. பேப்பர் கம்பெனியின் தளத்தில் இருந்து அந்தப் பேப்பருக்கான கலர் புரொஃபைலை டவுன்லோட் செய்து போட்டோஷாப்பில் போட்டிருந்தார். புரொஃபைல் என்பது, 'இந்தப் பிரிண்டரும் இந்தப் பேப்பரும் சேர்ந்தால் இந்த நிறம் இப்படி வரும், அதனால் இவ்வளவு மாற்றி அனுப்பு' என்று சொல்லும் ஒரு சின்ன ஃபைல். போட்டோஷாப் அதன்படி நிறங்களைத் திருத்தி அனுப்பியது. ஆனால் பிரிண்டர் டிரைவருக்கு அது தெரியாது. வந்த படத்தை அதுவும் தன் பங்குக்கு ஒருமுறை திருத்தியது. இரண்டு பேர் தனித்தனியாக உப்புப் போட்ட குழம்புதான் கதை. இந்த இரட்டைத் திருத்தத்தின் வழக்கமான அடையாளமே, நீலமும் சிவப்பும் ஓரளவு சரியாக இருந்து, சாம்பலும் தோல் நிறமும் மெஜந்தா பக்கம் சாய்வதுதான்.

யாராவது ஒருவர் மட்டும் திருத்த வேண்டும். போட்டோஷாப்பின் பிரிண்ட் பக்கத்தில் Color Handling என்ற இடத்தில் Photoshop Manages Colors என்று வைத்தால், டிரைவரில் கலர் திருத்தத்தை அணைக்க வேண்டும். எப்சன் டிரைவர்களில் இது No Color Adjustment என்ற பெயரில் இருக்கும். கேனானில் கலரை Manual ஆக்கி, Matching பகுதியில் None தேர்ந்தெடுக்க வேண்டும். புரொஃபைல் எல்லாம் வேண்டாம் என்றால் Printer Manages Colors என்று வைத்துவிட்டு டிரைவரைத் தொடாமல் விடலாம். வீட்டு உபயோகத்துக்கு இந்த இரண்டாவது வழியே தாராளம்.

பேப்பர் பெயரைச் சரியாகச் சொன்னீர்களா?

கலர் திருத்தத்தை அணைத்ததும் ரோஸ் போய்விட்டது. ஆனால் படம் சொரசொரப்பாக, உயிரில்லாமல் இருந்தது. டிரைவரில் பேப்பர் வகை Plain paper என்றே இருந்தது. ஆபீஸ் பேப்பர் ஒன்று அடித்தபோது வைத்தது, அப்படியே நின்றிருக்கிறது.

பேப்பர் வகை என்பது வெறும் பெயர் இல்லை. எந்த நிறத்தில் எத்தனை துளி, எவ்வளவு நெருக்கமாக என்பதை டிரைவர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. சாதா தாள் இங்க்கை உறிஞ்சிப் பரப்பும், கிளாஸி பேப்பரின் பூச்சு அதை மேலேயே பிடித்து நிறுத்தும். ஒன்றுக்கான கணக்கை மற்றதில் போட்டால் நான்கு நிறங்களின் விகிதமும் தவறி, சாம்பல் ஏதாவது ஒரு பக்கம் சாயும். கிளாஸி பேப்பர் என்றால் அதற்கான போட்டோ பேப்பர் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புரொஃபைல் பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் எந்த பேப்பர் வகையை வைத்து அது தயாரிக்கப்பட்டதோ அதே வகையில்தான் அது சரியாக வேலை செய்யும்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியது, லேசர் பிரிண்டருக்கான கிளாஸி பேப்பர் இங்க்ஜெட்டுக்கு ஆகாது. இங்க் உள்ளே இறங்காமல் மேலேயே குளம் கட்டும். பூச்சு ஒரு பக்கம் மட்டும் உள்ள பேப்பரை மாற்றி வைத்தாலும் அதே கதி. ஈர விரலால் ஓரத்தில் தொட்டால் லேசாக ஒட்டும் பக்கம்தான் பூச்சு.

இங்க்கிலும் ஒரு விஷயம். பாதி விலையில் கிடைக்கும் வேறு கம்பெனி இங்க் நாஸில் செக்கில் குறையே இல்லாமல் வரும். ஆனால் டிரைவரின் கணக்கு ஒரிஜினல் இங்க்கின் நிறத்தை வைத்துப் போடப்பட்டது. மாற்று இங்க்கின் மெஜந்தா கொஞ்சம் அடர்த்தியாக இருந்தாலே எல்லா போட்டோவிலும் ஒரே அளவு ரோஸ் இருக்கும். டிரைவரின் கலர் கண்ட்ரோலில் மெஜந்தாவைக் குறைக்கும் வேலைக்கு உண்மையான இடம் இதுதான். மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, சாம்பல் கட்டம் ஒன்றை அடித்துப் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும். முகத்தை வைத்து நிறம் பார்ப்பதைவிட RGB 128, 128, 128 என்று நிரப்பிய ஒரு சாம்பல் கட்டத்தை வைத்துப் பார்ப்பது எளிது. சாம்பலில் துளி ரோஸ் இருந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். அடித்தவுடன் முடிவெடுக்காமல் அரை மணி நேரம் காயவிட்டு, ஜன்னல் பக்கத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மலிவு எல்இடி விளக்கின் கீழே நல்ல பிரிண்டும் நிறம் மாறித் தெரியலாம்.

மதுரை இளைஞர் பேப்பர் வகையை மாற்றி, வெள்ளி இரவு ஒரே ஒரு கார்டு அடித்துக் காயவைத்தார். சனிக்கிழமை காலை ஜன்னலில் வைத்துப் பார்த்தபோது பாவாடை நீலம், தூண் சாம்பல், வேட்டி வெள்ளை. மீதி 119 கார்டுகளை அடிக்க ஆரம்பித்தார். முந்தாநாள் ஓட்டிய ஆறு கிளீனிங்கின் கணக்கு அப்போதுதான் வந்தது: 90-வது கார்டு தாண்டியதும் சியான் டேங்க் கீழ்க்கோட்டைத் தொட்டது. அடிப்பதை நிறுத்திவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு இங்க் பாட்டில் வாங்கக் கிளம்பினார்.